லீவு நாற்பது நாள், மூக்குக்கு ஒரு வருடம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், கடையநல்லூர் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களில் வளைகுடா நாட்டுக்கு ஆள் போகாத தெரு அபூர்வம். ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை கிடைக்கும் லீவில் ஊருக்கு வருகிறவர்கள், அங்கே தள்ளிப்போட்ட வைத்தியத்தை எல்லாம் இங்கே முடித்துக்கொண்டு போவது பழைய வழக்கம். பல் கட்டுவது, கண்ணைக் காட்டுவது, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்ப்பது என்று போகும் அந்தப் பட்டியலில் இப்போது முகமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மூக்குத் தண்டில் உள்ள மேட்டைச் சரிசெய்வது, இமை மேல் தொங்கும் தோலை எடுப்பது, முன்நெற்றியில் முடி நடுவது எல்லாம் அதில் வருகின்றன. துபாயிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இதற்குக் கேட்கிற தொகையில் ஒரு பங்குதான் சென்னையிலும் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஆகும்.

விலை குறைவு என்பதாலேயே வேலை மட்டம் என்று சொல்ல முடியாது. மருத்துவர், செவிலியர், மயக்க மருந்து கொடுப்பவர் எல்லோருடைய சம்பளமும், தியேட்டர் வாடகையும் இங்கே குறைவு. பெரும்பாலான வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. கடல் தாண்டி வந்து செய்துகொள்கிற அறுவையில் சிக்கல் வருவது வேறு இடத்தில். கத்தி பிடிக்கிற நேரம் இரண்டு மூன்று மணி. ஆறுகிற காலம் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் முதல் ஐந்து வாரம் மட்டும் நோயாளி அறுவை செய்த மருத்துவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார், அதுவும் சரியாகத் திட்டமிட்டால். மிச்சக் காலத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தேதி குறிப்பதற்கு முன்பே முடிவு செய்யாதவர்கள்தான் பிறகு அல்லாடுகிறார்கள்.

மூக்கையே எடுத்துக்கொள்கிறேன். முக அழகு அறுவைகளில் தேறுவதற்கு நீண்ட காலம் பிடிப்பது அது. இன்னொரு காரணமும் உண்டு. மூக்கு அறுவையை உலகம் கற்றுக்கொண்டதே இந்த நாட்டிலிருந்துதான். 1792இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். அந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டனிலிருந்து வந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்தோடு வெளியானது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் 1814இல் அதே முறையில் அறுவை செய்து, 1816இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். கவாஸ்ஜியின் படம் கட்டு அவிழ்த்த அன்று வரைந்தது இல்லை. அறுவை முடிந்து பல மாதங்கள் கழிந்து, மூக்கு நிலைத்த பிறகு தீட்டிய படம் அது. மூக்கு வேலையின் முடிவை எப்போது பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பண்பொழிக்காரர் ஒருவர், வயது இருபத்தெட்டு, துபாயில் வேலை, நாற்பது நாள் லீவு என்று வைத்துக்கொள்வோம். மூக்குத் தண்டின் நடுவில் மேடு. உள்ளே நடுச்சுவர் கொஞ்சம் வளைந்து ஒரு பக்கம் மூச்சு அடைக்கிறது. திருவனந்தபுரத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்து வைத்திருக்கிறார்.

அந்த அறுவையில் நடப்பது என்ன என்று தெரிந்தால்தான் மற்ற கணக்கெல்லாம் புரியும். முழு மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள் குழாய் போட்டுக்கொண்டு செய்வது இது. இரண்டு துளைகளுக்கும் நடுவில் உள்ள சிறிய சதைத்தூணில் வெட்டி, மூக்கின் தோலை மேலே தூக்குகிறார்கள். மேட்டில் மேல்பகுதி எலும்பு, கீழ்ப்பகுதி குருத்தெலும்பு. இரண்டையும் தேவையான அளவு சீவி எடுக்கிறார்கள். மேட்டை எடுத்ததும் தண்டின் மேல் தட்டையாகத் திறந்த இடைவெளி வருகிறது. அதை மூட, இரண்டு பக்கத்து எலும்பையும் உளியால் வெட்டி உள்பக்கம் நெருக்குகிறார்கள். நடுச்சுவரை நேராக்கும்போது கிடைக்கும் குருத்தெலும்பை மூக்குநுனிக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்துவார்கள். கடைசியில் தையல், உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடு, வெளியே மூக்கை மூடிய கெட்டியான கவசம். அதை ஸ்பிளிண்ட் என்பார்கள். ஆக, வெளியே வருகிற மனிதருக்கு மூக்கெலும்பு முறிந்திருக்கிறது. திட்டம் போட்டு, ஒழுங்காக, மருத்துவரே முறித்திருக்கிறார் என்பதுதான் விசேஷம். முறிந்த எலும்புக்கு என்னென்ன பத்தியமோ அத்தனையும் இதற்கும் உண்டு.

நாற்பது நாளில் இதை எங்கே வைப்பது? பலர் செய்வது இப்படி: வந்ததும் சொந்தபந்தம், வீட்டு வேலை, தங்கச்சி கல்யாணம், குற்றாலம் என்று மூன்று வாரம் போகும், கடைசிப் பத்து நாளில் ஆபரேஷன். முகம் வீங்கியிருப்பதை யாரும் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம் இல்லாமல் அப்படியே விமானம் ஏறிவிடலாம் என்று ஒரு நினைப்பு. மருத்துவக் கணக்கில் இதைவிடத் தவறான வரிசை இல்லை. அறுவையை லீவின் முதல் வாரத்தில் வைக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

நம்மவர் வந்த மூன்றாம் நாள் மருத்துவரை நேரில் பார்க்கிறார். அதற்கு முன்பே வீடியோவில் பேசியிருக்கலாம், முகத்தின் படங்களை அனுப்பியிருக்கலாம். ஆனாலும் தோலின் தடிமன், நடுச்சுவரின் வளைவு, நுனிக் குருத்தெலும்பின் பலம் எல்லாம் விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வந்த மறுநாளே மேசையில் ஏற்றுகிற இடத்தை நம்பக் கூடாது. நேரில் பார்த்த பிறகு “வேண்டாம்” என்று சொல்ல நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடைவெளி இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிந்து ஆறாம் நாள் அறுவை என்று வைத்துக்கொள்வோம். இதற்கான ஆயத்தம் துபாயிலேயே தொடங்கியிருக்க வேண்டும். சிகரெட்டை அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். நிகோடின் தோலுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, தூக்கி வைத்த தோலுக்கு அந்த ரத்தம்தான் ஆதாரம். வலி மாத்திரையாக விழுங்கும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், சத்து மாத்திரையாக எடுக்கும் மீன் எண்ணெய், வைட்டமின் ஈ போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தாமல் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். பெண்களாக இருந்தால் மூக்குத்தியைக் கழற்றியாக வேண்டும். பல வருடம் கழற்றாத திருகு அறுவை அன்று காலையில் வராமல் படுத்துவது சாதாரணமாக நடக்கிற ஒன்று. ஒரு வாரம் முன்பே ஆசாரியிடம் போய்க் கழற்றிக்கொள்வது நல்லது.

அறுவை முடிந்த முதல் மூன்று நாள் கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கும். மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல வடியத் தொடங்கும். மூக்கிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசியும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். இந்த நாட்களில் கவனிக்க வேண்டியது நடுச்சுவரில் ரத்தம் தேங்குகிறதா என்பதை. குருத்தெலும்புக்கென்று ரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு உணவு போகிறது. சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் தேங்கிப் பிரித்துவிட்டால், மூன்று நாலு நாளில் குருத்தெலும்பு சாகத் தொடங்கும். அதில் சீழும் வைத்துவிட்டால் தண்டின் நடுப்பகுதி அமுங்கிக் குதிரைச் சேணம்போலக் குழிந்துவிடும். அதைச் சரிசெய்ய விலா எலும்பிலிருந்து குருத்தெலும்பு எடுக்க வேண்டிய நிலைகூட வரும். அடையாளம் தெளிவானது: குறைய வேண்டிய வலி கூடும், இரண்டு பக்கமும் சுத்தமாக அடைத்துக்கொள்ளும், காய்ச்சல் வரலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்தால் நடுச்சுவர் இரண்டு பக்கமும் மெத்தென்று உப்பியிருப்பது தெரியும். கீறி ரத்தத்தை எடுத்துவிடுவது சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடம் கிடைக்கிற தூரத்தில் நோயாளி இருக்க வேண்டும் என்பதால்தான் முதல் வாரம் ஊருக்குத் திரும்பக் கூடாது என்கிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து பண்பொழி நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வழி தென்மலை, ஆரியங்காவு, புளியரை என்று மலை வளைவு. மயக்க மருந்தும் விழுங்கிய ரத்தமும் வயிற்றைப் புரட்டுகிற நேரத்தில் அந்த வளைவுகளில் குமட்டி வாந்தி எடுத்தால், தலைக்கு ஏறும் அழுத்தத்தில் மூக்கு திரும்ப ரத்தம் கொட்டும். சாரல் காலத்தில் மண் சரிந்து வழி அடைபடுகிற நாட்களும் உண்டு. சென்னையில் செய்துகொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் திரும்புகிறவருக்கு வேறு சிரமம். தலையை உயர்த்தித் தூங்க வேண்டிய வாரத்தில் இரவு முழுக்க பெர்த்தில் மட்டமாகப் படுத்து வர வேண்டியிருக்கும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறை, கூடவே ஒரு ஆள், பத்து நாள். இந்தச் செலவைப் பேக்கேஜ் தொகையோடு ஆரம்பத்திலேயே சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் நாள் வாக்கில் வெளிக் கவசத்தையும் தையலையும் எடுப்பார்கள். நம் கணக்கில் அது லீவின் பதின்மூன்றாம் நாள். அன்றைக்குக் கண்ணாடியில் தெரிகிற மூக்கு, வரப்போகும் மூக்கு இல்லை. நுனி தூக்கினாற்போலவும் பருத்தும் இருக்கும். அறுவை முடிந்து ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் உள்ளே காய்ந்த பொருக்கு உதிரும்போது திடீரென்று ரத்தம் வருவதும் உண்டு. உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பகுதியை வெளியிலிருந்து இலேசாகப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டால் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் நிற்கும். எலும்புப் பகுதியை அழுத்தக் கூடாது. அதிலும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

பதினாறாம் நாள் அவர் பண்பொழிக்கு வருகிறார். இந்த இடத்தில் ஊருக்கே உரிய சில ஆபத்துகள் உண்டு. சீசன் என்றால் குற்றாலத்துக்குப் போகாமல் யாரும் விடமாட்டார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயின் அருவியில் நிற்பதுதான் இந்தப் பக்கத்து லீவின் அடையாளம். வெட்டி நெருக்கிய மூக்கெலும்பு பிடித்துக்கொள்ள ஆறு வாரம் ஆகும். அதற்குள் அருவி தலையில் அறைந்தாலோ, நெரிசலில் அடுத்தவர் முழங்கை பட்டாலோ, தேய்த்து விடுகிறவர் பழக்கத்தில் மூக்குத் தண்டை நீவினாலோ எலும்பு நகர்ந்துவிடும். அருவிக்கு இந்த லீவில் போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். திருமலைக்கோயிலுக்கு மூச்சிரைக்கப் படியேறுவதும் முதல் மூன்று வாரத்துக்கு வேண்டாம்; வண்டியில் போகலாம். தொழுகிறவர்கள் சுஜூதில் தலையை மூக்குப்படத் தரையில் வைப்பதைத் தவிர்த்து, நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொள்வது அந்த வாரங்களுக்கு நல்லது. உடம்புக்கு முடியாதவருக்கு அதற்கு இடம் இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர் ஆறு வாரம் அதை மூக்கின் மேல் உட்கார வைக்கக் கூடாது. நெற்றியில் டேப் போட்டுத் தூக்கி ஒட்டிக்கொள்கிறார்கள்.

கல்யாணத்தை மனத்தில் வைத்துச் செய்துகொள்கிறவர்கள் நிறைய. பெண் பார்க்க வரும்போது மூக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். ஊரில் ஒரு பெரியவர் பார்த்ததும் கேட்பார்: “என்னலே மாப்ளே, மூக்கு இன்னும் வீங்குனாப்புல இருக்கு?” அவர் சொல்வது சரிதான். ஒரு மாதத்தில் வீக்கத்தின் பெரும்பங்கு வடிந்துவிடும் என்றாலும், தோல் தடித்தவர்களுக்கு நுனி வீக்கம் ஒரு வருடம்வரைகூட இருக்கும். நம் பக்கத்து மூக்குகளில் நுனித்தோல் தடிமனாக இருப்பது சாதாரணம். கேமராவின் வெளிச்சத்தில் அந்த வீக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். இதே லீவில் நிச்சயதார்த்தம் என்றால், அறுவையை இன்னொரு லீவுக்குத் தள்ள வேண்டும். அறுவைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஆறு மாதமாவது இருப்பது நல்லது.

விமானப் பயணத்துக்கு வருவோம். முகம், இமை, மூக்கு அறுவைக்குப் பிறகு ஏழிலிருந்து பத்து நாள் பறக்கக் கூடாது என்பது அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தின் அறிவுரை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் பயணிகளுக்கு அதையே எடுத்துச் சொல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். காற்றும் வறண்டது. உள்ளே பொருக்கு கட்டி விரிந்து ரத்தம் வரும். சைனஸ் அடைத்திருந்தால் இறங்கும்போது நெற்றி பிளப்பதுபோல வலிக்கும். ஆனால் பத்து நாள் என்பது உயிருக்கு ஆபத்தில்லாமல் பறக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு. அன்றோடு கவனிப்பு முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. கடைசிப் பத்து நாள் திட்டம் தோற்பது இந்த இடத்தில்தான். அந்த ஆள் சரியாகப் பத்தாம் நாள் துபாயில் இறங்குவார், பன்னிரண்டாம் நாள் மூக்கில் ரத்தம் வரும், அவரை அதுவரை பார்த்திராத ஒரு மருத்துவர் முன்னால் போய் நிற்பார்.

அதைவிடத் தாமதமாக வரும் தொல்லை ஒன்று உண்டு. அதை விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2013, 2014 ஆண்டுகளில் அழகு அறுவைக்காக டொமினிகன் குடியரசுக்குப் போய்த் திரும்பிய அமெரிக்கப் பெண்கள் பலருக்குத் தையல் போட்ட இடங்களில் வாரக்கணக்கில் ஆறாத கட்டிகள் வந்தன. காரணம் மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸ்ஸஸ் என்ற கிருமி. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். நீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பது. அவர்கள் செய்துகொண்டது பெரும்பாலும் வயிறு, மார்பு போன்ற உடம்பு அறுவைகள். ஆனால் கருவியைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் குழாய் நீரில் அலசுகிற இடம் எதுவானாலும் அந்தக் கிருமி முகத்துக்கும் வரலாம். நம் நாட்டிலேயே லேப்ராஸ்கோப்பி துளை போட்ட இடத்தில் இந்த வகைக் கிருமி வருவதை அறுவை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

இதன் கொடுமை அது வரும் நேரம். காயம் நன்றாக ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு, மூன்றாவது வாரத்திலிருந்து சில மாதங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் தழும்பின் ஓரத்தில் சிவந்த, அதிகம் வலிக்காத ஒரு முடிச்சு எழும்பும். காய்ச்சல் இருக்காது. மருந்துக்கடையிலோ வேலையிடத்துக் கிளினிக்கிலோ வழக்கமான ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். குறைவதுபோலத் தெரியும், திரும்ப வரும். சாதாரணக் கல்ச்சரில் “கிருமி வளரவில்லை” என்று முடிவு வரும், ஏனென்றால் இந்தக் கிருமிக்கு வேறு விதமான பரிசோதனை வேண்டும். “இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தியாவில் மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன், மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் அனுப்புங்கள்” என்று நோயாளி சொல்லாவிட்டால் அங்கே இருக்கிற மருத்துவருக்கு அது தோன்றாமலே போகலாம். தெரிந்துகொண்டாலும் வைத்தியம் பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில். அதனால்தான் அருவி நீர், குளத்து நீர், மூக்கை அலசக் குழாய் நீர் எல்லாமே ஆறும்வரை வேண்டாம் என்பது. உப்புநீர் அலசலுக்குக் கொதித்து ஆறிய நீரோ, மருந்துக்கடை சலைன் பாட்டிலோ மட்டும்தான்.

மயக்க மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர், அங்கே உடல்நிலை மோசமாகி, வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தார். அழகு நிலையத்துக்கான உரிமம் மட்டுமே அந்த இடத்துக்கு இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. முடி நடுவதற்கே இந்த நிலை என்றால், தொண்டைக்குள் குழாய் போட்டுச் செய்யும் மூக்கு அறுவைக்கு இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மயக்க மருத்துவர் அறுவை முடிந்து நினைவு திரும்பும்வரை அறையில் இருப்பாரா, இரவு தங்க வசதியும் ஐசியூவும் உண்டா என்று கேட்பது நோயாளியின் உரிமை. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படியும் கேரளத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படியும் மருத்துவ நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சர்ஜனின் பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கிறதா, காது மூக்கு தொண்டை மருத்துவரானால் மூக்கு அறுவையில் எவ்வளவு பழக்கம் என்பதை மருத்துவ கவுன்சில் பதிவேட்டிலும் நேரிலும் பார்த்துக்கொள்ளலாம். அழகுக்கலை டிப்ளமோ சான்றிதழ் இதற்குப் போதாது.

மறுபடி நம் பண்பொழிக்காரரிடம். முப்பத்து நான்காம் நாள், அதாவது அறுவை முடிந்து நாலு வாரம் ஆனபோது, அவர் திரும்பவும் திருவனந்தபுரம் போகிறார். இந்த ரிவ்யூவில் மூக்கைப் பார்ப்பதைவிட முக்கியமானது காகிதம். நிறைய இடங்களில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் “ரைனோபிளாஸ்டி செய்யப்பட்டது, நிலை நன்று” என்று ஒரே வரி இருக்கும். துபாயில் அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. அறுவைக் குறிப்பு முழுதாக வேண்டும்: எந்த எலும்பை எப்படி வெட்டினார்கள், எங்கிருந்து எடுத்த குருத்தெலும்பை எங்கே வைத்தார்கள், கரையாத தையல் உள்ளே இருக்கிறதா என்ற விவரங்களோடு. சிலிக்கான் போன்ற செயற்கைப் பொருள் வைத்திருந்தால் அதன் பெயரும் தொகுப்பு எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கரும் வேண்டும். அறுவைக்கு முன் எடுத்த படங்கள், மயக்க மருந்துக் குறிப்பு, கொடுத்த மருந்துகளின் பட்டியல் இவையும் சேரும். கேட்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. ஆகவே கேட்கத் தயங்க வேண்டியதில்லை. மருத்துவர் மறந்தால் நோயாளி நினைவுபடுத்த வேண்டும்.

துபாயில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரை அறுவைக்கு முன்பே பார்த்துப் பேசி வைத்துக்கொள்வது மிக நல்லது. அடுத்தவர் கை வைத்த மூக்கைத் தொட மருத்துவர்கள் எங்கேயும் தயங்குவார்கள். முன்கூட்டியே பார்த்து, திரும்பி வந்ததும் மூக்கின் உள்ளே ஒருமுறை பார்த்துத் தருவாரா என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என மூன்று தவணையில் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் கீழிருந்தும் எடுத்த படங்களைத் திருவனந்தபுரத்து மருத்துவருக்கு அனுப்பலாம். படத்தில் வடிவம் தெரியும், மூச்சு தெரியாது. ஒரு பக்கம் மூச்சு அடைக்கிறது என்றால் அங்கே உள்ள மருத்துவர்தான் உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டும்.

திரும்பச் செய்ய வேண்டிய நிலையைப் பற்றியும் முதலிலேயே பேசியாக வேண்டும். நல்ல கைகளில்கூட மூக்கு அறுவை செய்துகொண்டவர்களில் ஒரு பங்கினருக்குச் சின்னத் திருத்தம் தேவைப்படும். வீக்கம் வடியாமல் அதைத் தொட முடியாது என்பதால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். வளைகுடாவில் இருப்பவருக்கு அது அடுத்த லீவு அல்லது அதற்கடுத்த லீவு. “ரிவிஷன் இலவசம்” என்று வாயால் சொல்வது போதாது. மருத்துவர் தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும் தியேட்டர், மயக்க மருந்து, தங்கும் செலவை நோயாளிதான் கொடுக்க வேண்டியிருக்கும். எதற்கு யார் கொடுப்பது, எத்தனை வருடம் வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காப்பீடு இங்கே கைகொடுக்காது. இந்திய மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் அழகுக்கான அறுவை நிலையான விலக்குகளில் ஒன்று. வெளிநாட்டு நிறுவனக் காப்பீடுகளும் பெரும்பாலும் அதையும், அதனால் வரும் தொல்லையையும் சேர்த்தே விலக்கி வைத்திருக்கும். நடுச்சுவர் வளைவைச் சரிசெய்வது நோய்க்கான வைத்தியம் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் சில சமயம் கிடைக்கும். அதற்கு இரண்டு வேலைக்கும் தனித்தனியாக பில் போடச் சொல்ல வேண்டும். மற்ற மருத்துவச் சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் அழகு அறுவைக்குக் கிடையாது. பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்றவற்றைச் சரிசெய்யும் அறுவைக்கு மட்டும் விலக்கு உண்டு. பேக்கேஜ் தொகை வரியோடா, வரி இல்லாமலா என்று கேட்டால் சில இடங்களில் சட்டென்று பதில் வராது.

ஏதாவது தவறிவிட்டால் சட்டத்துக்குப் போகவும் வழி உண்டு. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் நோயாளி தான் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தியாவில் செய்துகொண்டவருக்கு இந்த வாசல் இருக்கிறது. லண்டனிலிருந்து விலை பார்த்து இஸ்தான்புல் போகும் தமிழர்களுக்கு அது இல்லை. துருக்கி நீதிமன்றத்தில், துருக்கி மொழியில் வழக்கு நடத்த வேண்டும். பிரிட்டனுக்குத் திரும்பிய பிறகு ரத்தம் வந்தால், கிருமி வந்தால் அரசு மருத்துவமனை பார்க்கும். வடிவம் பிடிக்கவில்லை என்றால் பொதுவாகப் பார்க்காது. அந்த வகையில் சொந்த ஊர்ப் பக்கம் வந்து செய்துகொள்வதில் ஒரு பாதுகாப்பு இருக்கத்தான் செய்கிறது. அவசரத்துக்குத் தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும், திருநெல்வேலியில் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கூட இருந்து பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறது. மொழி புரியும்.

நாற்பதாம் நாள் விமானம். அறுவை முடிந்து முப்பத்து நாலு நாள் ஆகியிருக்கிறது. எலும்பு பெரும்பாலும் பிடித்திருக்கும், இன்னும் ஒரு வாரம் கவனமாக இருந்தால் போதும். தலைக்கு மேல் பெட்டியைத் தூக்கி வைக்கும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடலாம். கைப்பையில் சலைன் ஸ்பிரேயும், எழுதி வாங்கிய குறிப்புகளும், அவற்றின் படம் போனிலும் இருக்க வேண்டும். முப்பத்தெட்டாம் நாள் தழும்பு சிவந்து கனக்க ஆரம்பித்தால் அன்றைக்கு விமானம் ஏறக் கூடாது, திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்து, கம்பெனியிடமும் நாலைந்து நாள் கூடுதலாகத் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அது முடியும்.